மூன்று வீட்டு வாடகையும் அக்காவின் பென்சனும்

காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் மில்லில் 28 வருடம் கணக்கு எழுதிவிட்டு 2016இல் ஓய்வு பெற்றேன். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து ஏறக்குறைய 29 லட்சம் கைக்கு வந்தது. மாதா மாதம் வரும் பி.எஃப். பென்சன் 2,870 ரூபாய். அதற்கு அகவிலைப்படி கிடையாது. அன்றைக்கு நிர்ணயித்த அதே தொகைதான் இன்றைக்கும் வருகிறது.

என் அக்கா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து 2013இல் ஓய்வு பெற்றவர். பழைய ஓய்வூதியத் திட்டம். இப்போது அகவிலைப்படியோடு மாதம் 45,000 ரூபாய் வருகிறது. நான் வீடு கட்டப் போகிறேன் என்றதும் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, வாடகை வராத மாசம் என்ன பண்ணுவ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. பிறகு ஏழெட்டு வருடம் பேரேடு எழுதித்தான் தெரிந்துகொண்டேன். ஓய்வுக்காலப் பணத்தை வாடகை வீட்டில் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு அந்தப் பேரேட்டின் ஒரு வருடத்தைப் பிரித்துக் காட்டலாம் என்று இதை எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன மனை ஊருக்குள் இருந்தது. அதில் 2017இல் தரைத்தளத்தில் மூன்று போர்ஷன் கட்டினேன். ஒவ்வொன்றும் சுமார் 450 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. மூன்றுக்கும் தனித்தனி மின் மீட்டர், பொதுவாக ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார். மொத்தம் 27 லட்சம் ஆனது. பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வங்கிகள் என்று ஊரில் வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் உண்டு என்பதால் சின்ன வீடு போதும், ஆள் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். அது தவறவில்லை. ஆள் கிடைத்தார்கள். எந்த மாதத்தில் கிடைப்பார்கள் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

2023–24ஆம் வருடக் கணக்கைச் சொல்கிறேன். அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் வாடகை 7,000. மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. யாராவது கேட்டால் "இருபத்தொன்று வருது" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வீட்டில் வங்கி ஊழியர் குடும்பம். பன்னிரண்டு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்தது. 84,000.

இரண்டாம் வீட்டில் இருந்தவர்கள் ஜூன் கடைசியில் மாற்றலாகிப் போனார்கள். ஜூலை முதல் பாதி வெள்ளையடிப்பில் போயிற்று. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நம் பக்கத்தில் ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். வீடு பார்க்க மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேருக்கும் பிடித்திருந்தது, மூன்று பேரும் "ஆவணி பிறக்கட்டும்" என்றார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதிதான் ஆள் வந்தது. இரண்டு மாத வாடகை போச்சு. வந்தது 70,000.

மூன்றாம் வீட்டுக் கதைதான் பெரியது. அதைச் சொல்ல 2017க்குப் போக வேண்டும்.

கட்டி முடிக்கும் கட்டத்தில் கையிருப்பு குறைந்துகொண்டே வந்தது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பதுதான் நம் ஊர்ப் பழைய முறை. இப்போது ஜல்லிக்குப் பதில் வேறு பொருள்களும் போடுகிறார்கள். மேஸ்திரி ஓடு பதிக்கத்தான் சொன்னார். "இப்போதைக்கு சிமெண்ட் பூச்சு போதும், பிறகு பார்த்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அறுபது எழுபதாயிரம் மிச்சம் பிடித்தேன்.

வெறும் சிமெண்ட் பூச்சு நம் வெயிலில் தாங்காது. பகலில் தளம் சூடேறி விரிகிறது, இரவில் சுருங்குகிறது. நாலைந்து வருடத்தில் மயிரிழை போல விரிசல் விடுகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் முதலில் விடும். வாட்டம் சரியில்லாத இடத்தில் தண்ணீர் தேங்கி, விரிசல் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது.

மூன்றாம் வீட்டுப் படுக்கையறைக் கூரையில் 2022 மழையிலேயே ஒரு தட்டு அளவுக்கு மஞ்சள் வளையம் விழுந்தது. குடியிருந்த தம்பி கூப்பிட்டுக் காட்டினார். தை மாதம் காய்ந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். மறுவருடம் ஐப்பசி மழையில் அதே இடத்தில் சொட்டத் தொடங்கியது. கட்டிலை நகர்த்தி, கீழே வாளி வைத்தார்கள். வளையத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல உதிர்ந்தது. மழைக்காலத்தில் தளத்து வேலை செய்ய முடியாது, தை வரட்டும் என்றேன். அது உண்மைதான். ஆனால் போன தையில் ஏன் செய்யவில்லை என்று அவர் கேட்டபோது சொல்ல ஒன்றும் இல்லை.

நவம்பரிலிருந்து அவர் வாடகையை நிறுத்தினார். ஜனவரிக் கடைசியில் காலி செய்தார். இரண்டு மாத அட்வான்ஸ் 14,000 என்னிடம் இருந்ததால் அதைக் கழித்துக்கொண்டேன். ஒரு மாத வாடகை நின்றது. கட்டாமல் போன மின்கட்டணம் 1,860ஐ நான் கட்டினேன். பிப்ரவரியும் மார்ச்சும் தளத்து வேலை. ஏப்ரலில்தான் புது ஆள். அந்த வீட்டில் வந்தது 63,000.

ஆக மொத்த வரவு 2,17,000. முப்பத்தாறு மாத வாடகைக்கு முப்பத்தொன்றுதான் வந்திருக்கிறது.

செலவுப் பக்கம்: மூன்றாம் வீட்டின் மேலே மட்டும் வாட்டம் கொடுத்து ஓடு பதிக்க 38,000. வெள்ளையடிப்பு, மோட்டாருக்கு காயில் கட்டியது, குழாய் வேலை, செப்டிக் டேங்க் சுத்தம், இரண்டு தடவை தரகு எல்லாம் சேர்ந்து 31,200. சொத்துவரி 5,280, குடிநீர்க் கட்டணம் 1,800. பொது மோட்டாரின் மின்கட்டணமும் அந்தத் தம்பி விட்டுப்போன பாக்கியும் 8,460. கூட்டினால் 84,740.

கையில் நின்றது 1,32,260. மாதத்துக்குப் பிரித்தால் 11,000 சொச்சம். இருபத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்த வருமானத்தின் உண்மை முகம் அந்த வருடம் அதுதான்.

எல்லா வருடமும் இப்படி இல்லை. ஒருவரும் காலி செய்யாமல், மோட்டார் ஒழுங்காக ஓடிய வருடமும் உண்டு. ஆனால் ஏழு வருடத்துக்கும் சேர்த்து ஐந்தொகை போட்டுப் பார்த்தபோது, காகிதத்தில் எழுதிய வாடகையில் நூற்றுக்கு அறுபத்தெட்டுதான் கைக்கு வந்திருந்தது. அதாவது வருடத்துக்கு எட்டு மாத வாடகை. இப்போது நானும் மனைவியும் அந்த எட்டு மாதத்தை வைத்துத்தான் குடும்பச் செலவைத் திட்டமிடுகிறோம். வருகிற வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்கே வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். அதில் வீட்டுக்கான செலவைத் தவிர வேறு எதற்கும் கை வைப்பதில்லை. 2024–25இல் மற்ற இரண்டு வீட்டின் மேலும் ஓடு பதித்தது அந்தப் பணத்தில்தான்.

தளம் ஒழுகுகிறதா, குழாய் கசிகிறதா என்று கண்டுபிடிப்பது முக்கியம். தவறான இடத்தில் பணம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை வைகாசி வெயிலிலும் ஈரம் காயாமல் இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, குழாயோ குளியலறையோ கசிகிறது. மழைக்குப் பிறகு மட்டும் வளையம் பெரிதானால் தளம்தான். அதை உறுதிசெய்ய மழைக்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். மாடித் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். 24 மணி நேரம் விட்டு, கீழே கூரையில் ஈரம் தெரிகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். ஓடு பதிக்கும்போது பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டக் குழாய் வைத்துப் பார்த்த பிறகே மேஸ்திரிக்கு மீதிப் பணம் கொடுங்கள்.

சரி, வரிக்கு வருவோம். இதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

வாடகைக்கு வரி கணக்கிடும்போது, வந்த வாடகையில் முதலில் நாம் உண்மையில் கட்டிய சொத்துவரி கழியும். மீதியில் 30 சதவீதம் கேள்வி கேட்காமல் கழிக்கப்படும். வீட்டுக்கடன் இருந்தால் வட்டி தனியாக. அவ்வளவுதான். தளத்துக்கு 38,000 செலவானதற்குப் பில் வைத்திருக்கிறேனே என்று ஆடிட்டரிடம் நீட்டினால், அதற்கு இடமில்லை என்பார். ரிப்பேர் செலவெல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். ஒன்றும் செலவாகாத வருடத்திலும் அந்த 30 சதவீதம் கிடைக்கும்.

என் கணக்கில் 2,17,000இல் சொத்துவரி 5,280 போக 2,11,720. அதில் 30 சதவீதம் 63,516. மீதி 1,48,204தான் வரிக்கு உட்பட்ட வருமானம். நான் உண்மையில் செய்த மற்றச் செலவு 79,460. அந்த வருடம் சட்டம் கொடுத்ததைவிட ஏறக்குறைய 16,000 கூடுதலாகச் செலவு செய்திருக்கிறேன். வீடு வாடகைக்கு விட்டிருந்து இடையில் காலியாகக் கிடந்த மாதங்களுக்கு வாடகை வந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. அதே நேரம், பாக்கிக்காகக் கழித்துக்கொண்ட அட்வான்ஸ் வாடகை வரவுதான். அதை மறைக்கக் கூடாது.

என் வருமானத்துக்கு வரி எதுவும் வரவில்லை. அக்காவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அவர் வீட்டு மாடியை 8,000க்கு விட்டிருக்கிறார். பென்சன் வருடத்துக்கு 5,40,000. பென்சன் சம்பளம் போலவே கருதப்படுவதால் புதிய வரிமுறையில் 75,000 நிலைக்கழிவு போக 4,65,000. மாடி வாடகை 96,000இல் அந்தப் பகுதிக்கான சொத்துவரி 3,000ம், மீதியில் 30 சதவீதமும் போக 65,100. மொத்தம் 5,30,100. 2025–26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கும் வரி இல்லை. ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லை என்றால் தாக்கலும் இல்லை என்று அக்கா இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே எங்களைப் போன்ற நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பென்சனா வாடகையா என்பதை வரி தீர்மானிப்பதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

அக்காவுக்கு அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதமாக இருந்தது, 2025 ஜூலையில் 58 ஆனது. அதற்காக அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் அகவிலைப்படி உயர்வு நின்றுபோனது, ஆனாலும் பென்சன் ஒரு மாதமும் தவறவில்லை. வருடம் ஒரு முறை நேர்காணலுக்குப் போகிறார், அவ்வளவுதான் அவர் வேலை. என் வாடகை 2018இல் 5,500 ஆக இருந்து, இப்போது 7,500. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். மாதம் 500 ஏற்றினால் வருடத்துக்கு 6,000 கிடைக்கும். அதற்காக நல்ல ஆள் காலி செய்து ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 7,500 போகும். அதனால் வங்கி ஊழியர் குடும்பத்துக்கு மூன்று வருடமாக ஏற்றவே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அக்காவுக்குப் பிறகு அத்தானுக்கு வரப்போவது குடும்ப ஓய்வூதியம். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும்தான். வரியிலும் அதற்கு 75,000 நிலைக்கழிவு கிடையாது. புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழியும். என் வாடகை எனக்குப் பிறகு என் மனைவிக்கு ஒரு ரூபாய் குறையாமல் போகும், பிறகு பிள்ளைகளுக்கு. ஆனால் மாடியில் ஏறித் தண்ணீர் கட்டிப் பார்ப்பதும், மோட்டார் மெக்கானிக்கிடம் பேரம் பேசுவதும் சேர்ந்தே போகும். அதனால் இரண்டு வருடமாக எல்லா வேலைக்கும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மேஸ்திரி மூவரும் இப்போது அவரிடம்தான் பேசுகிறார்கள்.

திரும்பச் செய்ய முடிந்தால் இரண்டு போர்ஷனோடு நிறுத்தியிருப்பேன். மூன்றாவதற்கு ஆன 9 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், 2023 ஏப்ரல் முதல் உள்ள 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 18,450, வருடத்துக்கு 73,800 வந்திருக்கும். அந்தப் போர்ஷன் அப்போதைய வாடகையில் எட்டு மாதக் கணக்குப்படி கொடுப்பது 56,000. வட்டி முழுவதும் வரிக்கு உட்பட்டது, போட்ட முதல் வளராது என்பதெல்லாம் சரி. வாடகை வருடங்கள் போகப் போக ஏறும், மனையின் மதிப்பும் ஏறும். ஆனால் எழுபதை நெருங்குகிற வயதில், ஆள் இல்லாத ஆடியிலும் மழை ஒழுகும் ஐப்பசியிலும் தவறாமல் வருகிற 18,450 பெரிய விஷயம். அகவிலைப்படியோடு பென்சன் உள்ளவர்களுக்கு மாடி வாடகை உபரி, அது ஒரு மாதம் வராவிட்டால் குடும்பம் நிற்காது. என்னைப் போல மூவாயிரம் ரூபாய்கூடப் பென்சன் இல்லாதவர்கள் முழுப் பணத்தையும் செங்கல்லில் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒப்பந்தம் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மூன்று வருடம் வாய்ப்பேச்சிலேயே விட்டிருந்தேன். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, பாக்கி வைத்தவரை வெளியேற்றக் கேட்பது கடினம். இப்போது மூன்று மாத அட்வான்ஸ் வாங்கிப் பதிந்துவிடுகிறேன். ஒப்பந்தத்தில் இரண்டு வரி நானே சேர்த்தது. ஒன்று, காலி செய்ய இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும். மற்றது, கூரை, குழாய், மோட்டார் புகார் வந்தால் பதினைந்து நாளில் நான் ஆள் அனுப்ப வேண்டும், தவறினால் அந்தச் செலவை அவர்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது வரியை எழுத மூன்றாம் வீட்டுத் தம்பிதான் காரணம். அவர் சொன்ன உடனே 2023 தையில் ஓடு பதித்திருந்தால், அவர் இன்றைக்கும் அங்கே இருந்திருப்பார். அந்த மூன்று மாத வாடகையும் எனக்குப் போயிருக்காது.

ஒப்பந்தக் காலம் எந்த மாதத்தில் முடிய வேண்டும் என்பதையும் இப்போது பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வைகாசியிலோ தையிலோ முடியும்படி வைத்தால், பழைய ஆள் போன பத்துப் பதினைந்து நாளில் புது ஆள் பால் காய்ச்சிவிடுவார். ஆனியில் முடிந்தால் ஆடியும், கார்த்திகையில் முடிந்தால் மார்கழியும் குறுக்கே வந்து நிற்கும்.

போன வாரம் இரண்டாம் வீட்டு அம்மா வந்து, மகனுக்கு மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூன் கடைசியில் காலி செய்யலாம் என்றிருக்கிறோம் என்றார். மே கடைசியிலேயே போக முடியுமானால் கடைசி மாத வாடகையில் பாதி தந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். 3,750 ரூபாய் எனக்கு நட்டம்தான். ஆனால் ஜூன் முதல் வாரம் ஆள் வைக்க முடிந்தால் இரண்டு மாத வாடகை தப்பும். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.